பைலேட்டரல் வடிகட்டியோடு சில ஆண்டுகள்: வகுக்கும் எண்ணைப் பாருங்கள்

பழைய கடிதங்களையும் பத்திரங்களையும் ஸ்கேன் செய்து சுத்தப்படுத்தும் வேலையில் பைலேட்டரல் வடிகட்டியைச் சில ஆண்டுகளாகப் பயன்படுத்தி வருகிறேன். காகிதத்தின் சொரசொரப்பும் ஸ்கேனரின் இரைச்சலும் போக வேண்டும், எழுத்தின் ஓரம் கரையக் கூடாது. இந்த இரண்டையும் ஒருசேரக் கேட்டால் தூரத்தை மட்டும் பார்த்து அண்டைப் புள்ளிகளோடு சராசரி எடுக்கும் காஸியன் மங்கலாக்கம் கைவிரித்துவிடும். இந்தப் பெயரில் இந்த முறையை கார்லோ டொமாசியும் ராபர்டோ மாண்டுச்சியும் 1998இல் முன்வைத்தார்கள். அந்தக் கணினிப் பார்வை மாநாடு நடந்தது பம்பாயில். இதே எண்ணத்தை வேறு பெயர்களில் அதற்கு முன்பே சிலர் எழுதியிருந்தாலும், நிலைத்தது இவர்கள் வைத்த பெயர்தான்.

படங்களைக் கையாளும் நிரல் நூலகமான ஓப்பன்சிவியில் இதை ஒரே வரியில் அழைத்துவிடலாம். ஆனால் ஒரு முறையாவது கையால் கணக்கிட்டுப் பார்க்காதவர்கள் சிக்மா மதிப்புகளைக் கண்ணை மூடிக்கொண்டு திருகிக்கொண்டே இருப்பார்கள் என்பது என் எண்ணம். அதனால் ஒரு சின்ன இடத்தின் ஒளிர்வு எண்களை எடுத்துக்கொள்கிறேன். இடப்பக்கம் காகிதம், வலப்பக்கம் மசி, நடுவில் 190.

```
198  205   62
203  190   58
201  196   65
```

ஒவ்வொரு அண்டைப் புள்ளிக்கும் இரண்டு எடைகள் உண்டு. ஒன்று தூரத்துக்கு, மற்றொன்று ஒளிர்வு வேறுபாட்டுக்கு. இரண்டையும் பெருக்க வேண்டும்.

```
w = exp(-d²/(2·σs²)) · exp(-Δ²/(2·σr²))
```

இங்கே d தூரம், Δ ஒளிர்வு வேறுபாடு. சிக்மா சிறிதாக இருந்தால் எடை வேகமாகக் குறையும். தூரச் சிக்மாவை, அதாவது σs ஐ 1 என்றும் ஒளிர்வுச் சிக்மாவை, அதாவது σr ஐ 20 என்றும் வைத்துக்கொள்வோம். பக்கத்துப் புள்ளிகளின் தூர எடை 0.607, மூலைப் புள்ளிகளுக்கு 0.368. இனி ஒளிர்வு. மேலே உள்ள 205, நடுப்புள்ளியிலிருந்து 15 தள்ளி நிற்கிறது. அதன் ஒளிர்வு எடை 0.755, இரண்டும் பெருக்க 0.458. கீழே உள்ள 196க்கு வேறுபாடு வெறும் 6, பெருக்கினால் 0.580. இடப்பக்க 203க்கு 0.491. மூலையில் இருக்கும் 198க்கு 0.340, 201க்கு 0.316. நடுப்புள்ளிக்குத் தன் எடை 1.

வலப்பக்க 58 தூரத்தில் பார்த்தால் 196க்குச் சற்றும் குறைந்ததல்ல. ஆனால் வேறுபாடு 132. அதன் ஒளிர்வு எடை நூறு கோடியில் ஒரு பங்கைக்கூட எட்டாது. 62உம் 65உம் ஏறக்குறைய அதே கதிதான். மசி நெடுவரிசை முழுவதும் கணக்கிலிருந்தே விழுந்துவிடுகிறது.

எடைகளின் கூட்டுத்தொகை 3.18. எடையிட்ட சராசரி 197.2. அதாவது 190 என்று தாழ்ந்திருந்த காகிதப் புள்ளி தன் இனத்தோடு சேர்ந்துகொண்டது, மசியின் பக்கம் சாயவில்லை. ஒளிர்வு எடையை நீக்கிவிட்டு அதே தூர எடைகளோடு காஸியன் செய்தால் 160 வரும். ஒன்பதையும் கூட்டி ஒன்பதால் வகுத்தால் 153. எழுத்தின் ஓரத்தில் சாம்பல் நிழல் படர்வது இப்படித்தான்.

அந்த 3.18ஐ விட்டுவிட வேண்டாம். எல்லாரும் விடையைப் பார்க்கிறார்கள். நான் முதலில் பார்ப்பது இந்த வகுக்கும் எண்ணைத்தான். காஸியனில் இது 4.90 என்று எங்கும் மாறாமல் இருக்கும். இங்கே புள்ளிக்குப் புள்ளி மாறும். 4.90ஐ நெருங்கினால் சமதளம், 3 வாக்கில் இருந்தால் விளிம்பின் ஓரம், 1ஐத் தொட்டால் அந்தப் புள்ளி தன்னைத் தவிர யாரோடும் சராசரி எடுக்கவில்லை என்று பொருள். இந்த எண்ணையே ஒரு படமாகச் சேமித்துப் பார்த்தால் வடிகட்டி எங்கே வேலை செய்தது, எங்கே சும்மா இருந்தது என்பது பளிச்சென்று தெரியும்.

உதாரணமாக, வெள்ளைக் காகிதத்தின் நடுவே ஒரே ஒரு தூசிப் புள்ளி 90 என்று நிற்கிறது, சுற்றிலும் 200. எல்லா வேறுபாடும் 110. எடைகள் பத்து லட்சத்தில் ஒரு பங்குக்கும் கீழே. கூட்டுத்தொகை 1, விடை அதே 90. வடிகட்டியின் கண்ணில் அந்தத் தூசியும் ஒரு விளிம்புதான், எனவே பத்திரமாகக் காப்பாற்றிவிடும். எத்தனை முறை ஓட்டினாலும் போகாது. ஒளிர்வுச் சிக்மாவை ஏற்றி அதை அழிக்கப் பார்ப்பது வீண்வேலை. தூசி போவதற்குள் எழுத்தும் கரைந்திருக்கும். முதலில் ஒன்பது புள்ளிகளின் நடு மதிப்பை எடுக்கும் 3×3 மீடியன், பிறகு பைலேட்டரல் என்பதே என் வரிசை. தமிழ்ப் பக்கங்களில் மெய்யெழுத்தின் புள்ளியை மீடியன் தின்றுவிடுமோ என்ற பயம் நியாயமானது. ஓர் அங்குலத்துக்கு 300 புள்ளிகள் என்று ஸ்கேன் செய்தால் அரை மில்லிமீட்டர் புள்ளியே ஆறு பிக்சல் அகலம் வரும், அது தப்பிக்கும். குறைந்த அடர்த்தியில் எடுத்த நகல்களில் மீடியனைத் தொடுவதில்லை.

ஒளிர்வுச் சிக்மா 20 எங்கிருந்து வந்தது? காகிதத்தில் எழுத்தில்லாத ஒரு சதுரத்தைத் தேர்ந்து, அதன் திட்ட விலக்கத்தை அளந்து, அதைப்போல் இரண்டு மூன்று மடங்கு வைப்பேன். இரைச்சல் 7 அல்லது 8 என்றால் 20 சரியாக இருக்கும். தூரச் சிக்மாவைக் கூட்டுவது அவ்வளவு ஆபத்தல்ல. ஒளிர்வு எடை காவலுக்கு நிற்கும்வரை அகலமான சாளரமும் மசியைத் தாண்டி எட்டிப் பார்க்காது. நேரம்தான் எகிறும். இறுதிப் பிரதிக்கு, ஓப்பன்சிவியில் சாளரத்தின் விட்டத்தைக் குறிக்கும் `d` மதிப்பை 9க்கு மேல் நான் கொண்டுபோவதில்லை.

ஓப்பன்சிவியில் இரண்டு விஷயங்களைத் தெரிந்துகொள்வது நல்லது. முதலாவது, அதன் சாளரம் சதுரமல்ல, வட்டம். `d=3` என்றால் ஆரம் 1. மூலைப் புள்ளிகள் அதற்கு வெளியே போய்விடும். நம் எடுத்துக்காட்டில் மூலைகளை விட்டால் 196.6 வருகிறது. வட்டமாக்கினால் இரண்டு வழியிலும் 197தான், ஆனால் கைக்கணக்கு தசமத்தில் பொருந்தாததற்கு இதுவே காரணம்.

இரண்டாவது பெரியது. `imread` சாம்பல் படத்தையும் இயல்பாக மூன்று வண்ண அலைவரிசைகளாகவே திறக்கும். வண்ணப் படத்தில் மூன்று அலைவரிசைகளின் வேறுபாடுகளையும் கூட்டித்தான் ஒளிர்வு எடை கணக்கிடப்படுகிறது. 8 வேறுபாடு 24 ஆகிவிடும்; எடை 0.923இலிருந்து 0.487க்கு இறங்கிவிடும். அதே சிக்மாவோடு வடிகட்டி சோம்பிக் கிடப்பது போலத் தோன்றினால் முதலில் இதைச் சரிபாருங்கள்.

```python
img = cv2.imread("p1.png", cv2.IMREAD_GRAYSCALE)
img = cv2.medianBlur(img, 3)
out = cv2.bilateralFilter(img, d=9, sigmaColor=20, sigmaSpace=3)
```

0 முதல் 1 வரை மதிப்புள்ள தசமப் படமாக மாற்றியிருந்தால் சிக்மாவும் 20/255, அதாவது 0.08 வாக்கில் இருக்க வேண்டும். அங்கே 20 என்று கொடுத்தால் ஒளிர்வு எடை எல்லாருக்கும் 1 ஆகி, வெறும் காஸியன்தான் மிஞ்சும்.

பென்சில் எழுத்துதான் இதற்குப் பிடிபடாதது. 200 காகிதத்தின்மேல் 178 கோடு என்றால் வேறுபாடு 22. காகிதப் புள்ளிகளின் ஒளிர்வு எடை 0.55. கோடு பாதிக்கு மேல் காகிதத்தின் பேச்சைக் கேட்கிறது, ஒரே ஓட்டத்தில் வெளிறிவிடும். சிக்மாவை 8க்கு இறக்கினால் கோடு நிற்கும், இரைச்சலும் ஏறக்குறைய அப்படியே நிற்கும். ஒரு புள்ளியின் ஒளிர்வை மட்டும் வைத்துக் கோட்டையும் இரைச்சலையும் பிரிக்க வழியில்லை. பென்சில் பக்கங்களுக்கு நான் `fastNlMeansDenoising` பக்கம் போய்விடுகிறேன். அது தனிப் புள்ளியை விட்டுவிட்டுச் சுற்றியுள்ள சிறு துண்டுகளையே ஒப்பிடுவதால் கோட்டின் தொடர்ச்சி கொஞ்சமாவது கைகொடுக்கிறது. பக்கத்துக்கு ஆகும் நேரம் கூடுதல்தான், பென்சில் பக்கங்கள் குறைவு என்பதால் பொறுத்துக்கொள்கிறேன்.