கட்டை எந்தக் கோணத்தில் சறுக்கும்: கூறு பிரிப்பதா, உராய்வுக் கோணமா?

சொரசொரப்பான பலகையில் ஒரு கட்டையை வைத்து, பலகையின் ஒரு முனையை மெல்லத் தூக்குகிறோம். நிலை உராய்வுக் குணகம் 0.4. எந்தக் கோணத்தில் கட்டை நகரத் தொடங்கும்? விடைக்கு இரண்டு வழி உண்டு. முதல் வழியில் பல வருடம் ஓட்டினேன். இப்போது இரண்டாவதற்கு மாறிவிட்டேன், ஆகவே இந்த அலசல் நடுநிலையானது என்று சொல்ல மாட்டேன்.

முதல் வழி எல்லோருக்கும் தெரிந்ததுதான். எடை W-ஐ, தளத்தின் வழியே W sinθ என்றும் தளத்துக்குச் செங்குத்தாக W cosθ என்றும் பிரிக்கிறோம். நகரும் விளிம்பில் உராய்வு தன் உச்சத்தில் இருக்கும். அது μ மடங்கு செங்குத்து எதிர்விசை. எனவே W sinθ = μ W cosθ. எடை அடிபட்டுப் போகிறது, tanθ = μ மிஞ்சுகிறது. 0.4-க்கு 21.8°. கட்டை கனமா லேசா என்ற கேள்விக்கே இடமில்லை.

இரண்டாவது வழியில் எடையைப் பிரிப்பதே இல்லை. செங்குத்து எதிர்விசை, உராய்வு என்று தளம் தனித்தனியாக இரண்டு விசை தருவதாக நினைக்காமல், இரண்டும் சேர்ந்த ஒற்றை விசை R-ஐத் தருவதாக எடுத்துக்கொள்கிறோம். தளத்துக்குச் செங்குத்தான கோட்டிலிருந்து R இரு பக்கமும் ஓரளவுதான் சாய முடியும். அந்த எல்லைதான் உராய்வுக் கோணம் λ; tanλ = μ. நம் கட்டையின் மீது எடையும் R-ம் மட்டுமே இருப்பதால், சமநிலைக்கு R நேர் மேல்நோக்கி நிற்க வேண்டும். பலகை θ அளவு சாய்ந்தால் செங்குத்துக் கோடும் அதே θ சாயும். அதாவது R அந்தக் கோட்டிலிருந்து θ விலகி நிற்கிறது. θ, λ-ஐத் தொடும்போது கட்டை நகரும். அதே 21.8°.

இதுவரை பார்த்தால் மாறுவதற்குக் காரணமே இல்லை. முதல் வழியில் இரண்டு வரி, இரண்டாவதில் ஒரு வரி, அவ்வளவுதான். கேள்வி கொஞ்சம் மாறும்போதுதான் வித்தியாசம் தெரியும். நான் சறுக்கியதும் அங்கேதான்.

அந்தக் கேள்வி இது. அதே கட்டை, அதே 0.4. ஆனால் எடையில் கால் பங்கு அளவுள்ள விசை P, கட்டையைக் கிடைமட்டமாகச் சரிவை நோக்கித் தள்ளிக்கொண்டே இருக்கிறது. இப்போது எந்தக் கோணத்தில் கட்டை கீழே சறுக்கும்? நான் பழக்கத்தில் செங்குத்து எதிர்விசை W cosθ என்றே எழுதிவிட்டேன். தள்ளும் விசையின் கூறு P cosθ-ஐ மட்டும் ஏற்றத்தின் பக்கம் சேர்த்து, tanθ − 0.25 = 0.4 என்று வைத்தேன். விடை 33.0° வந்தது. பார்க்க நம்பும்படி இருந்தது, அதனால் அப்படியே விட்டுவிட்டேன். தப்பு.

கிடைமட்டத் தள்ளல் கட்டையைச் சரிவில் மேலே ஏற்றப் பார்ப்பதோடு நிற்காமல், தளத்தின் மீது அழுத்தவும் செய்கிறது. எதிர்விசை W cosθ + P sinθ ஆகிறது, உராய்வும் அதற்கேற்ப ஏறுகிறது. சரியான சமன்பாடு:

tanθ − 0.25 = 0.4 (1 + 0.25 tanθ)

இதைத் தீர்த்தால் 0.9 tanθ = 0.65, θ = 35.8°. கிட்டத்தட்ட 3° பிழை. காரணம் அறியாமை அல்ல, பழக்கம். W cosθ என்பது வேறு விசை எதுவும் இல்லாதபோது மட்டும் உண்மையான விடை. அது விதி அல்ல. ஆனால் இருபது கணக்கில் அப்படியே எழுதிய கை, இருபத்தோராவதிலும் அப்படியே எழுதும்.

இதையே இரண்டாவது வழியில் போட்டுப் பாருங்கள். எடையும் P-யும் சேர்ந்தால் ஒரே தொகுபயன் விசை. அது நேர் கீழ்நோக்கிய திசையிலிருந்து சரிவின் பக்கமாக α அளவு சாய்ந்திருக்கும்; tanα = 0.25, ஆக α = 14.0°. தளத்துக்குள் போகும் செங்குத்துக் கோடும் அதே பக்கம்தான் θ சாய்ந்திருக்கிறது. இரண்டுக்கும் இடையே உள்ள கோணம் θ − α. அது λ ஆகும்போது கட்டை நகரும். எனவே θ = 21.8° + 14.0° = 35.8°. கூட்டல் மட்டும்தான். செங்குத்து எதிர்விசையை எங்கும் எழுதவே இல்லை, ஆகவே அதைத் தப்பாக எழுதவும் வாய்ப்பில்லை. P வெளிப்பக்கம் இழுத்தால் கூட்டலுக்குப் பதில் கழித்தல்: 7.8°-லேயே கட்டை போய்விடும்.

எனக்கு முடிவைத் தந்தது இந்த ஒரு விஷயம்தான். எந்த வழி சுருக்கமானது என்பது பெரிய பொருட்டல்ல. கேள்வி மாறும்போது எதைத் திருத்த வேண்டியிருக்கிறது என்று பார்த்தேன். கூறு பிரிப்பதில் புதிய விசை வந்தால் இரண்டு சமன்பாட்டையும் தொட வேண்டும், ஒன்றை மறந்தாலும் விடை வந்துவிடும். உராய்வுக் கோணத்தில் ஒரே ஒரு கோணம்தான் மாறும்.

அதற்காக முதல் வழியைத் தூக்கி எறியவில்லை. கட்டை நகர்ந்த பிறகு என்ன ஆகும் என்று கேட்டால் நான் அதற்கே திரும்புகிறேன். இயக்க உராய்வுக் குணகம் 0.3 என்றால், பலகையை 21.8°-லேயே நிறுத்தி வைத்தாலும் கட்டை நொடிக்கு நொடி வேகமெடுக்கும், முடுக்கம் g (sinθ − 0.3 cosθ), ஏறக்குறைய 0.9 மீ/வி². இதைக் கூறுகளில் எழுதுவது இயல்பாக வருகிறது. கயிறும் கப்பியும் சேர்ந்த கணக்குகளில் உராய்வுக் கோணத்தை நான் அதிகம் போட்டுப் பார்த்ததில்லை, அங்கே என் பரிந்துரையைக் கொஞ்சம் தள்ளியே வையுங்கள்.

இரண்டு வழிக்கும் பொதுவாக ஒரு எச்சரிக்கை. 21.80° என்று இரண்டு தசம இடம் எழுத ஆசை வரும். குணகம் 0.38 ஆக இருந்தால் 20.8°, 0.42 ஆக இருந்தால் 22.8°. அளந்த குணகத்தில் 0.02 சந்தேகம் இருந்தாலே கோணத்தில் ஒரு டிகிரி ஆடும். அப்புறம் அந்தத் தசமங்களால் என்ன பயன்?

உராய்வுக் கோண வழி எனக்குக் கேட்காமலே காட்டிய இன்னொன்றும் உண்டு. கூறு பிரிக்கும்போது கட்டையை ஒரு புள்ளியாகவே நினைக்கிறோம், அதன் உயரம் கணக்கில் வருவதில்லை. R என்ற ஒற்றை விசையை வரைந்தாலோ, அது எங்கிருந்து கிளம்புகிறது என்று கேட்டே ஆக வேண்டும். வேறு தள்ளல் இல்லாதபோது, அது எடையின் கோட்டிலேயே போக வேண்டும். அந்தக் கோடு கட்டையின் அடிப்பகுதிக்குள் விழ வேண்டும். சரிவின் வழியே அடி அகலம் b, உயரம் h என்றால், tanθ = b/h ஆகும்போது கோடு அடியின் கீழ் விளிம்பைத் தொடுகிறது. உயரம் அகலத்தைப் போல மூன்று மடங்கு உள்ள சீரான கட்டையை எடுத்துக்கொள்ளுங்கள். அதற்கு அந்தக் கோணம் 18.4°. 21.8°-ல் சறுக்கும் என்று நாம் காத்திருக்கையில், அது அதற்கு முன்பே குப்புற விழுந்து கிடக்கும்.