வருஷத்துக்கு 2 முறை என்றார்கள், எந்த வருஷம் என்று சொல்லவில்லை

போன் வாங்கும்போது கூடவே தலையில் கட்டப்படும் பாதுகாப்புத் திட்டத்தைப் பற்றியது இந்தப் பதிவு. நான் வாங்கியது 2 வருஷத் திட்டம். விற்றவர் சொன்னது இவ்வளவுதான்: "கீழே விழுந்தாலும் தண்ணீரில் விழுந்தாலும் கவலை வேண்டாம் சார், வருஷத்துக்கு 2 முறை கிளைம் பண்ணிக்கலாம்." அதில் பொய் எதுவும் இல்லை. ஆனால் எனக்கு நஷ்டம் வந்தது அவர் சொல்லாமல் விட்ட விஷயங்களில்.

கணக்குப் புரிய போனின் விலையை 100 பங்கு என்று வைத்துக்கொள்ளுங்கள். திட்டத்துக்கு 10 பங்கு கட்டினேன். ஒவ்வொரு கிளைமுக்கும் நம் கையிலிருந்து ஒரு தொகை கட்ட வேண்டும், அதுதான் எக்சஸ். என் திட்டத்தில் திரை மட்டும் உடைந்தால் 4 பங்கு, மற்ற எந்தச் சேதமானாலும் 15 பங்கு. இந்த இரண்டாவது எண்ணை வாங்கும்போது யாரும் சொல்லவில்லை. விளம்பரத் தாளில் பெரிதாக இருந்தது திரைக்கான எண் மட்டும்தான்.

வாங்கியது நவம்பரில். மார்ச்சில் போன் மேஜையிலிருந்து நழுவி, பின்பக்கக் கேமராவை மூடியிருக்கும் கண்ணாடி விரிசல் விட்டது. திட்டம்தான் இருக்கிறதே என்று ஆப்பில் கிளைம் போட்டேன். திரையில் வந்தது 15 பங்கு எக்சஸ் மட்டும். பழுது பார்க்க உண்மையில் எவ்வளவு ஆகும் என்று எங்கேயும் காட்டவில்லை. நானும் கேட்காமல் கட்டிவிட்டேன். திட்டமே இல்லாமல் அதே சேவை மையத்தில் கொடுத்திருந்தால் அந்தக் கண்ணாடிக்கு 9 பங்குதான் ஆகியிருக்கும் என்று பல மாதம் கழித்துத்தான் தெரிந்தது. அதாவது 6 பங்கு கூடுதலாகக் கொடுத்து, அதோடு ஒரு கிளைமையும் இழந்திருக்கிறேன். கிளைம் போடும் முன் பழுதுச் செலவுக்கான மதிப்பீட்டைத் தனியாகக் கேட்டு வாங்குங்கள். எக்சஸ் அதைவிட அதிகமாகவோ, கிட்டத்தட்ட சமமாகவோ இருந்தால் சொந்தக் காசில் சரிசெய்வதே மேல். கிளைம் மிச்சமிருக்கும்.

டிசம்பரில் படிக்கட்டில் விழுந்து பின்பக்கக் கண்ணாடி நொறுங்கியது. போன் வேலை செய்தது, அதனால் ஒளிபுகும் டேப்பை ஒட்டிவிட்டு அப்புறம் பார்க்கலாம் என்று விட்டுவிட்டேன். மூன்று வாரம் கழித்து, ஜனவரியில் இன்னொரு முறை விழுந்து திரையும் உடைந்தது. எனக்குப் பயமே இல்லை. நவம்பரோடு ஒரு வருஷம் முடிந்துவிட்டது, புது ஆண்டும் பிறந்துவிட்டது, எப்படிப் பார்த்தாலும் 2 கிளைம் புதிதாகக் கிடைத்திருக்கும் என்றுதான் நினைத்தேன்.

சேவை மையத்தில் இருந்த தம்பி நிதானமாகப் பேசினார். போனைத் திருப்பிப் பார்த்தார், டேப்பின் ஓரத்தில் சேர்ந்திருந்த தூசியை நகத்தால் சுரண்டிக் காட்டினார். "இது பழைய அடி, திரை புது அடி. 2 சம்பவம் சார்" என்றார். நான் மறுக்கவில்லை, நடந்ததும் அதுதான். ஒரு விழுதலில் திரையும் பின்பக்கமும் சேர்ந்து உடைந்தால் ஒரு கிளைம், தனித்தனி நாளில் உடைந்தால் தனித்தனி கிளைம், தனித்தனி எக்சஸ். சரி, 2 கிளைமாகவே போடுங்கள் என்றேன். கணினியைப் பார்த்துவிட்டு, "ஒன்றுதான் மிச்சம் இருக்கு" என்றார்.

என் திட்டத்தில் வருஷம் ஜனவரியில் தொடங்குவதில்லை, வாங்கிய தேதியிலும் தொடங்குவதில்லை. ஒவ்வொரு கிளைமும் ஒப்புதலான நாளிலிருந்து எண்ணப்படும் 12 மாதம்தான் அங்கே வருஷம். மார்ச்சில் போட்ட அந்தக் கேமராக் கண்ணாடி அடுத்த மார்ச் வரை கணக்கில் நிற்கிறது. விதிமுறைத் தாளில் இது இருக்கிறது, "எந்தவொரு தொடர்ச்சியான 12 மாத காலத்திலும்" என்ற நாலைந்து சொல்லாக. விற்பவர் வாயில் அது "வருஷத்துக்கு" என்று சுருங்கிவிடுகிறது. வேறு திட்டங்களில் வாங்கிய தேதியிலிருந்து எண்ணுவதும் உண்டு, திட்டக் காலம் முழுவதற்கும் சேர்த்து ஒரே வரம்பு வைப்பதும் உண்டு. உங்களுடையது எது என்று வாங்கும் முன்பே எழுத்தில் கேட்டு வாங்குங்கள்.

மார்ச் வரை காத்திருக்கலாமா என்று கேட்டேன். சேதம் நடந்து 30 நாளுக்குள் தெரிவிக்க வேண்டுமாம். டிசம்பர் அடிக்கு அந்த வழியும் அடைபட்டது. இருக்கும் ஒரு கிளைமைத் திரைக்குப் போடலாம் என்றால் அதிலும் ஒரு சிக்கல். 4 பங்கு எக்சஸ் செல்ல வேண்டுமானால் போனின் மற்ற பாகங்கள் முழுதாக இருக்க வேண்டும். பின்பக்கம் உடைந்தோ போனின் ஓரச் சட்டம் வளைந்தோ இருந்தால் அது "மற்ற சேதம்", எக்சஸ் 15. ஆகவே பின்பக்கத்தை 20 பங்கு கொடுத்து நானே மாற்றிய பிறகு திரைக்கு 4 பங்கு கட்டினேன்.

மொத்தம் பாருங்கள். திட்டம் 10, கேமராக் கண்ணாடி 15, பின்பக்கம் 20, திரை 4, ஆக 49 பங்கு. திட்டமே எடுக்காமல் மூன்றையும் சரிசெய்திருந்தால் கண்ணாடி 9, பின்பக்கம் 20, திரை 28, ஆக 57. கேமராக் கண்ணாடியை மட்டும் சொந்தச் செலவில் பார்த்துவிட்டு, டிசம்பர் அடியை அப்போதே கிளைம் செய்திருந்தால் 38 பங்கில் முடிந்திருக்கும். அந்த 11 பங்கு, விதி தெரியாததற்கு நான் கொடுத்த விலை.

எது சேதம் என்பதிலும் கவனமாக இருங்கள். "திடீரென, எதிர்பாராமல், வெளியிலிருந்து" என்ற மூன்றும் சேர்ந்தால்தான் பொதுவாக விபத்துச் சேதம். சார்ஜ் துளை நாளாக நாளாகத் தளர்ந்தால் தேய்மானம். வேலையைப் பாதிக்காத கீறல் வெறும் தோற்றக் குறை. இரண்டும் வராது. எனக்கு ரொம்ப வருத்தம் தருவது திரையில் தானாக விழும் கோடு. என் தங்கையின் போனில் அப்படி ஒரு பச்சைக் கோடு வந்தது. உத்தரவாதத்தில் கொடுத்தால், மூலையில் கடுகளவு நசுங்கல் இருக்கிறது, கீழே விழுந்த போன் என்று திருப்பிவிட்டார்கள். பாதுகாப்புத் திட்டத்திலோ, எந்த நாளில் எப்படி விழுந்தது என்று கேட்டார்கள். அவளுக்கு விழுந்ததாக ஞாபகமே இல்லை. இரண்டு பக்கமும் கைவிட்டார்கள். அதற்காகக் கதை கட்டிச் சொல்லாதீர்கள். உள்ளே பார்க்கும்போது பொய் தெரிந்துவிட்டால் முழுக் கிளைமையும் நிராகரிக்க அதுவே காரணமாகிவிடும்.

இப்போது என் போன் பெட்டியின் மூடியில் ஒரு தாள் ஒட்டியிருக்கிறேன். திரை 4, மற்றவை 15, தெரிவிக்க 30 நாள். அதற்குக் கீழே, மார்ச்சில் அந்தப் பழைய கிளைம் கணக்கிலிருந்து விழும் தேதி.