கடைசி அரை நிமிடம்: ரீப்ளே பஃபரா, முழுப் பதிவா?

ஒரு கேரம் போட்டியை OBS என்ற நேரலை மென்பொருள் வழியாக நேரலையில் விட்டுக்கொண்டிருந்தோம். ஓர் ஆட்டக்காரர் ரெட்டையும் ஃபாலோவையும் ஒரே ஷாட்டில் போட்டார். அரங்கமே கத்தியது. அந்தத் துண்டு உடனே வேண்டும். இதற்கு மூன்று வழிகள் உண்டு.

விண்டோஸின் கேம் பாரில் பின்னணிப் பதிவை முன்பே இயக்கி வைத்திருந்து Win+Alt+G அழுத்தினால் கடந்த சில விநாடிகள் சேமிக்கப்படும். விளையாடுபவர்களுக்கு அது போதும். ஆனால் அது பிடிப்பது ஒரு விண்டோவை மட்டும்தான். கேமராவும் ஸ்கோர் பலகையும் சேர்ந்த OBS காட்சி அப்படியே வேண்டும் என்றால் அது தோதுப்படாது.

முழுப் பதிவு நம்பகமானது. 6000 kbps என்றால் மூன்று மணி நேரத்துக்குச் சுமார் 8 ஜிபி. இடம் பிரச்சினை இல்லை, தேடுவதுதான் பாடு. ஆட்டம் ஓடிக்கொண்டிருக்கும்போதே அந்த ஷாட் எந்த நிமிடத்தில் வந்தது என்று யார் தேடுவது?

இந்த வேலைக்கென்றே இருப்பது ரீப்ளே பஃபர். கடைசி சில விநாடிகளை ராமில் வைத்துக்கொண்டே இருக்கும். சேமி என்றதும் அதைத் தனிக் கோப்பாக எழுதித் தரும். நேரலை தடையில்லாமல் ஓடும். `Settings` > `Output` பகுதியில் இதை இயக்கி, `Hotkeys` பகுதியில் `Save Replay`-க்கு ஒரு விசை கொடுத்துவிடுங்கள். அப்புறம் முகப்பில் `Start Replay Buffer` அழுத்த வேண்டும். பலரும் மறப்பது இதைத்தான். `Settings` > `General` பகுதியில், நேரலை தொடங்கும்போது பஃபரும் தானாகத் தொடங்கும்படி வைத்துவிட்டால் அந்தக் கவலை இல்லை.

`Maximum Replay Time` முதலில் 20 விநாடியாக இருக்கும். அதை 30 ஆக்கினால் போதும் என்றுதான் நானும் நினைத்தேன். ஆனால் அந்த 30 எண்ணப்படுவது ஷாட்டிலிருந்து அல்ல, நாம் விசையை அழுத்தும் நொடியிலிருந்து பின்னோக்கி. கைதட்டல் அடங்கி நான் அழுத்தியபோது 12 விநாடி போயிருந்தது. ஷாட்டுக்கு முன் மிஞ்சியது 18 விநாடி. அவர் நீண்ட நேரம் குறி பார்த்த அழகு பாதியில் வெட்டுப்பட்டது. இப்போது 45 வைக்கிறேன். 6000 kbps-இல் 45 விநாடிக்கு ராமில் 34 எம்பி அளவுதான் போகும். கோப்பு, வீடியோவில் முழுப் படமாகப் பதியும் கீஃப்ரேமிலிருந்தே தொடங்குவதால் நீளம் ஓரிரு விநாடி மாறலாம். அது கோளாறு இல்லை.

சேமித்தாலும் பஃபர் காலியாகாது. அடுத்தடுத்து இருமுறை அழுத்தினால் இரண்டு கோப்புகள் வரும், ஒரே பகுதி இரண்டிலும் இருக்கும். ஆனால் சேமிக்கும் முன் OBS நின்றுபோனால் எல்லாம் போச்சு, ராமில் இருந்ததை மீட்க வழியில்லை.

அதனால் பெரிய போட்டி என்றால் பஃபரோடு முழுப் பதிவையும் ஓடவிடுகிறேன். இரண்டும் நேரலைக்காக வீடியோவைச் சுருக்கும் என்கோடரையே பகிர்ந்துகொள்ளும்படி வைத்தால் கணினிக்குக் கூடுதல் சுமை அநேகமாக இல்லை. சின்ன ஆட்டங்களுக்கு பஃபர் மட்டும் போதும்.