ராக்கை மூன்று விதமாக அடுக்கிப் பார்த்தாயிற்று

கிளினிக் மருந்தகத்தில் புதிதாகச் சேர்ந்த தம்பி ஒருவர் போனில் கேட்டார்: "அண்ணே, பேர் வரிசையா அடுக்கவா, வகை பிரிச்சு அடுக்கவா?" ஏழு வருஷத்தில் நான் எல்லாவற்றையும் செய்து பார்த்தவன்.

முதலில் பேர் வரிசை. யார் வந்து நின்றாலும் மருந்து கைக்குக் கிடைக்கும். ஆனால் கார்பமசெபினும் கார்பிமசோலும் ஒட்டி உட்கார்ந்திருக்கும். முன்னது வலிப்புக்கு, பின்னது தைராய்டு அதிகம் சுரப்பதற்கு. ஒரு நாள் சாயங்காலக் கூட்டத்தில் கார்பமசெபின் 200 சீட்டுக்குக் கார்பிமசோல் ஸ்ட்ரிப்பை எடுத்துவிட்டேன். காப்பாற்றியது அந்த 200தான். கார்பிமசோலில் 5, 10, 20 மாதிரிச் சின்ன அளவில்தான் மாத்திரை வரும். ஸ்ட்ரிப்பில் 10ஐப் பார்த்ததும் கை நின்றது. கொடுத்திருந்தால் வலிப்பு மாத்திரை திடீரென்று நின்றுபோய் அந்த அம்மாவுக்கு மறுபடி வலிப்பு வந்திருக்கலாம்.

அந்த வாரமே, ஒரே மாதிரி வேலை செய்யும் மருந்துகளை ஒரே தட்டில் வைத்து, வகை பிரித்து அடுக்கினேன். உண்மையிலேயே அழகான முறை. ஒரு மருந்து தீர்ந்தால் டாக்டரிடம் மாற்று கேட்க, அதே தட்டைப் பார்த்தால் போதும். இரண்டு வருஷம் அதைப் பாராட்டாத நாளில்லை.

பிறகுதான் ஓல்மிசார்டனும் டெல்மிசார்டனும். பேர் வரிசையில் தூரத்தில் இருந்தவை, இரண்டும் ஒரே வகைப் பிரஷர் மருந்து என்பதால் பக்கத்துப் பெட்டிக்கு வந்துவிட்டன. இரண்டிலும் 20 உண்டு, 40 உண்டு. முன்பு என்னைத் தடுத்த எண் இங்கே உதவவில்லை. டெல்மிசார்டன் 40 கேட்ட பெரியவருக்கு ஓல்மிசார்டன் 40 போய்விட்டது. அவருக்கும் சந்தேகம் வரவில்லை, பிரஷர் மாத்திரைதானே. வீட்டில் மிச்சமிருந்த பழைய ஸ்ட்ரிப்பையும் சேர்த்து இரண்டையும் விழுங்கி, தலைசுற்றலோடு வந்தார். பேர் வரிசையில் வரும் தப்பு கண்ணை உறுத்தும். வகை வரிசையில் வரும் தப்பு சரியான மருந்து மாதிரியே இருக்கும். அந்தக் கோபம் இன்னும் ஆறவில்லை.

நோய்வாரியாக அடுக்கியது நாலு மாதம் மட்டும். புரோப்ரனோலால் பிரஷருக்கும் உண்டு, ஒற்றைத் தலைவலிக்கும் உண்டு என்று இரண்டு இடத்தில் வைத்தேன். ஒரு பெட்டியில் காலாவதியானது கவனிக்காமலே கிடந்தது. மூட்டுவலித் தட்டில் தினசரி மாத்திரைகளோடு மெத்தோட்ரெக்சேட்டும் இருந்தது. வாரம் ஒரு முறை மட்டும் போட வேண்டியதைத் தினமும் போட்டால் உயிரே போகலாம். அன்றே எடுத்துத் தனியாகப் பூட்டி வைத்தேன்.

தம்பிக்குச் சொன்னது: பேர் வரிசையிலேயே அடுக்குங்க. கார்பிமசோலை மட்டும் வேறு ராக்குக்கு மாற்றிடுங்க. அதன் பழைய இடத்தைச் சும்மா விடாம, "கார்பிமசோல், எதிர் ராக், கடைசித் தட்டு" என்று எழுதிய காலி டப்பா ஒன்றை வைங்க. லீவில் உங்க இடத்துக்கு வருபவர் அங்கேதான் முதலில் கை வைப்பார்.