பேரோல் ஹெல்ப்டெஸ்க்: சில வருஷம் பயன்படுத்திய பிறகு

வேறு கம்பெனியில் வேலை பார்க்கும் தம்பி ஒருவன் போன வாரம் கேட்டான்: "அண்ணா, சம்பளம் இன்னும் ஏறல. பேரோலுக்கு என்னன்னு மெயில் போடறது?" அவனுக்குச் சொன்னதை இங்கேயும் எழுதி வைக்கிறேன். எனக்கும் இந்த மாதம் அதே கதைதான், அதனால் கொஞ்சம் சூடாகத்தான் இருக்கும்.

எங்கள் கம்பெனி பேரோலை வெளியே ஒரு ஏஜென்சியிடம் கொடுத்திருக்கிறது. போர்ட்டல், ஆப், ஒரு பொது மெயில் ஐடி எல்லாம் உண்டு. பே ஸ்லிப், ஃபார்ம் 16, வரிச் சேமிப்பு டிக்ளரேஷன் எல்லாம் ஒழுங்காகவே நடக்கிறது, குறை சொன்னால் வாய் வெந்துபோகும். "என் சம்பளம் எங்கே" என்று கேட்கும்போதுதான் இதன் சுயரூபம் தெரியும்.

டிக்கெட் போட்டதும் வரும் பதில் எப்போதும் ஒன்றுதான்: "எங்கள் தரப்பில் ப்ராசஸ் செய்யப்பட்டுவிட்டது." அதோடு டிக்கெட் "ரிசால்வ்டு" ஆகிவிடும். பணம் வரவில்லை, ஆனால் பிரச்சினை தீர்ந்துவிட்டது! மறுபடி கேட்க வேண்டுமென்றால் புது டிக்கெட், புது எண், புது ஆள். என்னை இத்தனை வருஷமாக எரிச்சல்படுத்துவது இந்த ஒன்றுதான்.

பேரோல்காரர் பொய் சொல்வதில்லை என்பதுதான் இதில் கொடுமை. அவர்கள் கணக்கில் ப்ராசஸ் என்றால் லீவு, எல்ஓபி, பிஎஃப், டிடிஎஸ் எல்லாம் கழித்து நிகரத் தொகை போட்டு முடித்தாயிற்று என்று பொருள். அதற்குப் பிறகு பேங்க் ஃபைல் உருவாக வேண்டும். கம்பெனி ஃபைனான்ஸில் ஒருவர் அதை நெட் பேங்கிங்கில் ஏற்ற, இன்னொருவர் அப்ரூவ் செய்ய வேண்டும். அதன் பிறகுதான் வங்கி பணத்தை அனுப்பும். அப்ரூவ் செய்கிறவர் லீவில் போனால் ஃபைல் அங்கேயே தூங்கும். நமக்கு வரும் பதில் அப்போதும் "ப்ராசஸ்டு".

"பேங்க் ஹாலிடே சார்" என்பார்கள், அதையும் அப்படியே நம்ப வேண்டாம். 2019 டிசம்பர் 16 முதல் நெஃப்ட் ஞாயிறு உட்பட 24 மணி நேரமும், அரை மணிக்கு ஒரு பேட்ச் என்று ஓடுகிறது. விடுமுறையில் பணம் நகராமல் நின்றால், பெரும்பாலும் அது அப்ரூவ் செய்யாத கையால் நிற்கிறது.

இந்த மாதம் எனக்கு நடந்தது வேறு. பக்கத்து சீட்காரருக்கு மாதக் கடைசி நாள் மதியமே மெசேஜ் வந்துவிட்டது. எனக்கு இல்லை. அவர் கணக்கு கம்பெனி கணக்கு இருக்கும் அதே வங்கியில். அப்படிப்பட்டவர்களுக்கு வங்கிக்குள்ளேயே வரவு வைத்துவிடுவார்கள். என்னைப் போல வேறு வங்கியில் கணக்கு வைத்திருப்பவர்களுக்கு நெஃப்டில் வர வேண்டும், அதனால் சாயங்காலம் வரை பொறுத்தேன். வேறு வங்கிக்காரர்களுக்கும் வந்துவிட்டது என்று தெரிந்தபோதுதான், சிக்கல் எனக்கு மட்டும் என்று புரிந்தது.

வழக்கமான டிக்கெட், வழக்கமான "ப்ராசஸ்டு". இந்தத் தடவை "எப்போ வரும்" என்று கேட்பதை விட்டுவிட்டு, ஒவ்வொரு பணப் பரிமாற்றத்துக்கும் வங்கி போடும் அடையாள எண்ணான யூடிஆரையும் கேட்டு இப்படி எழுதினேன்:

"என் பெயர் இந்த மாதப் பேமென்ட் ஃபைலில் இருக்கிறதா, ஹோல்டில் இருக்கிறதா? ஃபைலில் இருந்தால் வங்கிக்குப் போன தேதியும் யூடிஆர் எண்ணும் அனுப்பவும். அதில் இருக்கும் என் கணக்கின் கடைசி நான்கு இலக்கமும் ஐஎஃப்எஸ்சியும் அனுப்பவும். பணம் திரும்பியிருந்தால் அடுத்த ஃபைல் எந்தத் தேதியில் போகும்? 5ஆம் தேதி எனக்கு வீட்டுக்கடன் இஎம்ஐ இருக்கிறது."

மறுநாள் காலையிலேயே அந்த டீமில் ஒரு மேடம் யூடிஆரோடு பதில் போட்டார். இதுதான் நான் எதிர்பார்க்காத சந்தோஷம். "வரும் சார்" என்கிற ஆறுதல் எதுவும் இல்லை, கேட்டதற்கு நேரான பதில். அவர் கொடுத்த ஐஎஃப்எஸ்சியைப் பார்த்ததும் விஷயம் பிடிபட்டது. என் வங்கிக் கிளையைப் பக்கத்துக் கிளையோடு இணைத்திருந்தார்கள். புதுக் குறியீட்டை நான் போர்ட்டலில் மாற்றி, அது அப்ரூவ் ஆனதாக மெசேஜும் வந்திருந்தது. ஆனால் ஏஜென்சியின் பேங்க் ஃபைலில் பழையதே ஓடிக்கொண்டிருந்திருக்கிறது. போன மாதம் வரை பழைய குறியீட்டிலேயே வரவு வைத்த வங்கி, இந்த மாதம் அதை நிறுத்திவிட்டது.

வரவு வைக்க முடியாத நெஃப்ட் பணத்தை, அந்த பேட்ச் முடிந்த இரண்டு மணி நேரத்துக்குள் திருப்ப வேண்டும் என்பது ரிசர்வ் வங்கி விதி. ஆக என் சம்பளம் அன்று இரவே கம்பெனி கணக்குக்குத் திரும்பிப் போய்விட்டது. அதை யாரும் கவனிக்கவில்லை. ஃபைனான்ஸ் ரிட்டர்ன் லிஸ்ட்டை எடுத்துப் பார்த்து, பேரோலுக்குச் சொல்லி, பேரோல் அடுத்த ஃபைலில் பெயரைச் சேர்க்க வேண்டும். அந்த இரண்டாவது ஃபைல் எங்களிடம் 7ஆம் தேதிதான் போகும். தாமதம் முழுக்க இங்கேதான்: பணம் பயணம் செய்ய ஆகும் நேரம் சில மணிகள், அதைத் திரும்ப ஏற்றிவிட ஆகும் நேரம் ஒரு வாரம்.

இஎம்ஐ தேதியை எழுதியது அதற்காகத்தான். முன்பெல்லாம் தவணை ஞாயிற்றுக்கிழமை விழுந்தால் திங்கள் வரை மூச்சு விடலாம். 2021 ஆகஸ்ட் 1 முதல், தவணையைக் கணக்கிலிருந்து தானாகப் பிடிக்கும் நாச் எல்லா நாளும் ஓடுவதால் அந்தச் சலுகையும் போயிற்று. மேடம் ஃபைனான்ஸிடம் பேசி எனக்குத் தனியாக ஒரு பேமென்ட் போட வைத்தார். 4ஆம் தேதி இரவு பணம் ஏறியது.

தம்பியின் நிலைமை வேறு. அவன் ஆபீஸில் யாருக்குமே வரவில்லை. அப்படியென்றால் யூடிஆர் கேட்டுப் பயனில்லை, இன்னும் உருவாகவே இல்லை. பேரோலில் இருக்கிறவர்களுக்கே சம்பளம் வந்திருக்காது பாவம், அவர்களிடம் கத்தி என்ன ஆகப்போகிறது? ஃபைல் அப்ரூவலுக்காக நிற்கிறதா, கணக்கில் பணம் இல்லாமல் நிற்கிறதா என்று ஹெச்ஆரையும் ஃபைனான்ஸையும் சேர்த்து மெயிலில் கேட்கச் சொன்னேன். தேதியை எழுத்தில் வாங்கச் சொன்னேன். 2025 நவம்பர் 21 முதல் நடைமுறையில் இருக்கும் ஊதியச் சட்டத் தொகுப்பின்படி, மாதச் சம்பளத்தை அடுத்த மாதம் 7ஆம் தேதிக்குள் கொடுத்தாக வேண்டும். பழைய 1936 சட்டம் மாதம் 24,000 ரூபாய் வரை வாங்குகிறவர்களுக்குத்தான் பொருந்தியது, இதில் அந்த வரம்பு இல்லை. முதல் மெயிலிலேயே சட்டம் பேசாதே, 7 தாண்டினால் பேசு என்றேன்.

சரி, இந்த ஹெல்ப்டெஸ்க் எப்படி? சரியாகக் கேட்டால் சரியான பதில் வருகிறது, ஒரே நாளில் வருகிறது, ஆட்கள் தங்கமானவர்கள். ஐந்துக்கு ஒன்றரை. சம்பளத்தைக் கேட்கிறவன் பேங்கிங் படித்துவிட்டு வந்து கேட்க வேண்டும் என்றால் ஹெல்ப்டெஸ்க் எதற்கு? யூடிஆரை அந்த முதல் ஆட்டோ ரிப்ளையிலேயே போட்டுத் தொலைத்தால் என்ன?