ஒரே பெருவிரல், இரண்டு வைத்தியம்

டர்பனில் வேலைக்குப் போகும் என் மச்சானுக்கு, இறுக்கமான சேஃப்டி பூட்ஸால் பெருவிரல் நகம் இருமுறை சதைக்குள் வளர்ந்தது.

முதல் முறை ஓரம் மட்டும் சிவந்து, அழுத்தினால் வலித்தது. சீழ் இல்லை. வெதுவெதுப்பான நீரில் 15 நிமிடம், தினம் மூன்று முறை காலை ஊறவைத்தார். துடைத்த பிறகு நக ஓரத்தின் அடியில் சிறு பஞ்சுத் திரியைச் செருகி, தினமும் மாற்றினார். அகலமான செருப்புக்கும் மாறினார். மூன்றே நாளில் வலி தணிந்தது.

அடுத்த முறை நக மூலையைக் குடைந்து வெட்டிவிட்டார் (எல்லோரும் செய்யும் தப்பு இதுதான்). உள்ளே தங்கிய நகமுனை சதையைக் குத்தியது. சீழ் வந்தது, நகத்தின் மேல் ஈரமான சிவப்புச் சதை வளர்ந்தது, தொட்டால் ரத்தம். அந்தச் சதை வந்தபின் ஊறவைப்பது பெரும்பாலும் வீண்வேலை. டாக்டர் விரலடியில் மரத்துப்போகும் ஊசி போட்டு, நகத்தின் ஓரப்பட்டையை மட்டும் எடுத்து, அது மீண்டும் முளைக்காதபடி வேரில் ஃபீனால் என்ற ரசாயனத்தைத் தடவினார். புண் ஆறச் சில வாரங்கள் ஆயின.

சர்க்கரை நோயோ கால் ரத்த ஓட்டக் குறைவோ இருந்தால், சிவப்பு தெரிந்தவுடனே டாக்டரிடம் போய்விடுங்கள். சிவப்பு பாதத்தில் பரவினாலோ காய்ச்சல் வந்தாலோ அன்றைக்கே.