அப்பாவின் கால் புண்ணும் ஒரு ஏ4 தாளும்

ஆடி மாதம் தொடங்கி ஐந்து கிழமை திருகோணமலையில் நின்றேன். டொரொன்டோவில் இருந்து கிளம்பும்போது உப்புவெளிக் கடலில் காலையில் கால் நனைப்பது, பின்னேரம் கோணேசர் கோயில், கச்சான் காற்றில் காயும் கருவாட்டு வாசம் என்று ஒரு கணக்கு வைத்திருந்தேன். கடைசியில் அதிக நேரம் போனது அப்பாவின் வலது உள்ளங்காலோடுதான்.

சித்திரை வருஷப் பிறப்பன்று உச்சி வெயிலில் கோயிலுக்கு ஏறியவர், வெறும் காலோடு சுடுகல்லில் நின்று கும்பிட்டிருக்கிறார். இருபது வருஷச் சீனி வருத்தம், பாதத்தில் உணர்ச்சி மட்டு. கொப்புளம் வந்ததே அவருக்குத் தெரியாது. விரிப்பில் ஈரம் கண்டு அம்மாதான் காலைத் தூக்கிப் பார்த்தாராம். பெருவிரல் அடியில், நடக்கும்போது முழுப் பாரமும் விழும் அந்த மேட்டில் புண். நான் போய் இறங்கும்போது மூன்று மாதம் கடந்திருந்தது.

மருந்து கட்டும் இடத்துக்கு ஓட்டோவில் கூட்டிக்கொண்டு போனேன். பெயர் வேண்டாம். அங்கே வேலை செய்யும் பிள்ளைகள் மீது எனக்குக் கோபமில்லை. ஒரே வாங்கில் இருபது பேர், கட்டுவதற்கு இரண்டு பேர். கை சுத்தமாகத்தான் இருந்தது. என்னைக் குழப்பியது அப்பாவின் கொப்பி. தேதி, அதற்கு நேரே "மருந்து கட்டப்பட்டது", ஒரு கையெழுத்து. பக்கம் பக்கமாக அதே வரிதான். புண் எவ்வளவு பெரிசு, என்ன நிறம், போன மாதத்தை விடக் குறைந்ததா என்று எங்கும் இல்லை.

"எப்படிப் போகுது?" என்று கேட்டேன்.

"பரவாயில்லை அக்கா, முந்தியதை விட நல்லம்" என்றார் மருந்து கட்டிய பிள்ளை. முந்தியது எப்படி என்று அவருக்கும் தெரியாது. அவர் அங்கே சேர்ந்தே மூன்று கிழமைதான்.

நான் ஒன்பது வருஷமாக வீடு வீடாகப் போய்ப் புண் கட்டும் தாதி. டொரொன்டோவில் ஒவ்வொரு புண்ணுக்கும் ஒரு பதிவுத் தாள் உண்டு. அன்றிரவு அதை நினைவில் வைத்து ஒரு ஏ4 தாளில் கோடு போட்டேன். மேலே பாதத்தின் அடிப்பக்கப் படம், கீழே கிழமைக்கு ஒரு வரி. நீளம், அகலம், ஆழம், பரப்பு, அடித்தளத்தின் நிறம், கசிவு, ஓரமும் சுற்றுத் தோலும், மணம், அவ்வளவுதான். தினமும் அளக்கத் தேவையில்லை. ஒரு நாளில் வரும் மாற்றம் அளவுகோலின் பிழையை விடச் சின்னது.

அளப்பதில் முதல் சிக்கல் திசை. இன்று ஒருவர் நெட்டாகவும் அடுத்த கிழமை இன்னொருவர் சரிவாகவும் அளந்தால் ஒரே புண்ணுக்கு இரண்டு கணக்கு வரும். அதனால் மணிக்கூடு போல வைத்துக்கொள்வது வழக்கம். பாதத்தில் குதிக்கால் பக்கம் 12, விரல் பக்கம் 6. சிலர் மாற்றியும் பிடிப்பார்கள். அதற்காகத்தான் படத்திலேயே 12 எங்கே என்று குறித்தேன். 12இலிருந்து 6 வரை நீளம், அதற்குச் செங்குத்தாக அகலம். சேலைனில் நனைத்த சுத்தமான பஞ்சுக் குச்சியை மிக ஆழமான இடத்தில் நேராக நிறுத்தி, தோல் மட்டத்தில் விரலால் பிடித்து, பிறகு அளவுகோலில் வைத்தால் ஆழம் கிடைக்கும். நீளத்தை அகலத்தால் பெருக்கினால் வருவது செவ்வகம். புண் முட்டை வடிவம், ஆகவே உண்மைப் பரப்பு இன்னும் குறைவு. அது பிரச்சினையில்லை. எப்போதும் ஒரே பிழையைச் செய்தால் ஒப்பிட்டுப் பார்க்க முடியும்.

முதல் நாள் அளவு 2.0 × 1.5 சென்டிமீட்டர், பரப்பு 3.0. ஆனால் சுற்றிலும் மஞ்சளித்துத் தடித்த காய்ப்பு. அதன் அடியில் என்ன இருக்கிறது என்று யாருக்கும் தெரியாது. அடுத்த நாளே ஒரு டொக்டரிடம் காட்டினோம். அவர் பாதத்தின் மேலும் கணுக்காலின் பின்னாலும் நாடித்துடிப்பைத் தொட்டுப் பார்த்து, இரத்த ஓட்டம் இருக்கிறது என்று உறுதி செய்த பிறகே பிளேட்டை எடுத்தார். துடிப்பு இல்லாத காலில் காய்ந்த கறுப்புச் சதையைச் சுரண்டக் கூடாது. குச்சியால் அடியைத் தட்டிப் பார்த்தார். கல்லில் படுவது போல எலும்பு தட்டுப்படவில்லை. தட்டுப்பட்டிருந்தால் எலும்புக்குள் கிருமி போயிருக்கலாம் என்ற பயம் வந்திருக்கும். எதற்கும் ஒரு எக்ஸ்ரே எடுக்கச் சொன்னார். அதிலும் கோளாறு தெரியவில்லை.

காய்ப்பைச் சீவிய பிறகு அளந்தால் 2.6 × 2.0. பரப்பு 5.2. ஆழம் 0.4. மணிக்கூட்டின் 1 முதல் 3 வரை ஓரத்துக்கு அடியில் 0.6 சென்டிமீட்டர் குடைந்திருந்தது. அம்மா அழுதே விட்டார். "ஆறின புண்ணை வெட்டிப் பெருப்பிச்சுப் போட்டினம்" என்று பெரியப்பாவுக்குப் போன் போட்டார். பெரியப்பா உடனே கன்னியா வெந்நீர்க் கிணற்றில் காலை ஊற வைக்கச் சொன்னார். உணர்ச்சியில்லாத காலுக்கு வெந்நீர்! அதை மட்டும் நான் கத்தித்தான் நிறுத்தினேன். பெருத்ததாகத் தெரிந்தது உண்மையில் ஏற்கெனவே மூடி மறைந்திருந்த புண். ஆகவே தாளின் முதல் வரியில் 3.0ஐ எழுதி அடித்துவிட்டு, "சீவிய பின்" என்று போட்டு 5.2 எழுதினேன். தொடக்கம் எது என்பதில் பிழை விட்டால் அதன் பிறகு வரும் எல்லாக் கணக்கும் பிழை.

இனி நிறம். வெளிநாட்டில் இருக்கும் எங்கள் வீட்டுப் பிள்ளைகளின் வாட்சப் குழு அதிகம் சண்டை போடுவது இதில்தான். இரவில் மஞ்சள் பல்பின் கீழ் எடுத்த போட்டோவைப் பார்த்து லண்டன் அண்ணா "சீழ் பிடிச்சிட்டுது" என்றார். மெல்பேர்ன் தங்கச்சி "நல்ல சிவப்பு" என்றாள். இரண்டு பேரும் பார்த்தது ஒரே படத்தை. தாளில் நிறத்தைச் சதவீதமாகப் பிரித்து எழுத வேண்டும், கூட்டினால் 100 வர வேண்டும். ஈரமாக, மணி மணியாகச் சிவந்திருப்பது புதுச் சதை. அடியில் ஒட்டிய மஞ்சள் படலம் செத்த சதையும் கசிவும் சேர்ந்தது, தாதிகள் அதை ஸ்லஃப் என்பார்கள். சீழ் துடைத்தால் போய்விடும், இந்தப் படலம் போகாது. கறுப்பு முழுக்கச் செத்தது. ஓரத்தில் இருந்து உள்ளே ஊரும் வெளிர் இளஞ்சிவப்பு புதுத் தோல். சதை சிவப்பாக இருந்தாலும் வெளிறியோ, தொட்டவுடன் இரத்தம் கசிந்தோ இருந்தால் அது நல்ல சிவப்பு இல்லை.

முதல் வரியில் சிவப்பு 40, மஞ்சள் 60 என்று எழுதினோம். இரண்டாவது கிழமை அந்தப் பிள்ளையையே எழுத விட்டேன். மஞ்சள் 80 என்று போட்டார். எனக்குத் திக்கென்றது. பிறகு பார்த்தால், நாங்கள் நகரில் இல்லாத இரண்டு நாள் வேறொருவர் வெள்ளிச் சத்துள்ள வெள்ளைக் கிறீமைப் பூசியிருந்தார். அந்தக் கிறீம் கசிவோடு சேர்ந்து மஞ்சள் சாம்பல் நிறத்தில் ஒரு போலிப் படலமாக ஒட்டும். சேலைனால் மெதுவாகக் கழுவி, ஐந்து நிமிஷம் ஈரக் கோஸ் துணி வைத்து எடுத்ததும் அடியில் சிவப்புத் தெரிந்தது. மஞ்சள் 45தான். "கழுவிய பின் எழுதவும்" என்று தாளின் தலையில் அந்தப் பிள்ளையே எழுதி வைத்தார். என் கையெழுத்தை விட அவருடையது அழகு.

ஆனால் அந்த வரியில் இன்னொரு விஷயமும் இருந்தது. முதல் கிழமை 2.5 × 1.9, பரப்பு 4.75 என்று கொஞ்சம் குறைந்திருந்தது. இரண்டாவது கிழமையும் அதே 2.5 × 1.9. கசிவு "மிதம்" என்பதிலிருந்து "அதிகம்" ஆகியிருந்தது. ஓரத் தோல் ஊறி வெளுத்திருந்தது. மணம் இல்லை. சுற்றிச் சிவப்பு அரை சென்டிமீட்டருக்கும் குறைவு, சூடும் இல்லை. அதைத் தாண்டிச் சிவந்து சுட்டிருந்தால் கிருமித் தொற்று என்று அன்றே டொக்டரிடம் போயிருப்போம். உணர்ச்சி கெட்ட கால், நோகும் என்று காத்திருக்க முடியாது. தொற்று இல்லாமல் ஏன் நின்றுபோனது? ஈரம் கூடியிருக்கிறது, ஓரம் நசிகிறது. அப்பா எங்கேயோ வெறும் காலோடு நடக்கிறார் என்று அர்த்தம்.

வெளியே போகும்போது நான் கொண்டுவந்த தடித்த கம்பளித் திண்டை, புண் இருக்கும் இடத்தை விட்டு லாடம் போல வெட்டி உள்ளங்காலில் ஒட்டி, அகலச் செருப்பும் போட்டு விட்டிருந்தோம். முழங்கால் வரை மாவுக்கட்டு போலப் போட்டுவிடும் கழற்ற முடியாத காப்பு இதை விட எவ்வளவோ நல்லது. எங்களுக்கு அது கிடைக்கவில்லை. வீட்டுக்கு வந்ததும் அப்பா செருப்பை வாசலில் கழற்றிவிடுவார். "வீட்டுக்குள்ள செருப்பா? சாமி இருக்கிற இடம்." சாமி அறை, குசினி, கிணற்றடி, இரவில் மூன்று தடவை கழிவறை, எல்லாம் வெறும் காலோடு. ஒரு நாளில் அவர் நடப்பதில் பாதி வீட்டுக்குள்தான்.

அம்மாவிடம் பேசிப் பார்த்தேன். பிறகு சந்தையில் புதுச் செருப்பு ஒரு சோடி வாங்கி, மஞ்சள் தண்ணீர் தெளித்து, "இது வெளி மண்ணை மிதிக்காது" என்று அம்மாவே வாசலுக்கு உள்ளே வைத்தார். சாமி அறைக்கு முன்னால் கதிரை போட்டாயிற்று. மூன்றாவது கிழமை 2.2 × 1.7, பரப்பு 3.74. கசிவு மிதம். நாலாவது கிழமை 1.9 × 1.3, பரப்பு 2.47. ஆழம் 0.2. குடைவு மூடிவிட்டது. சிவப்பு 80, மஞ்சள் 10, ஓரத்தில் புதுத் தோல் 10.

5.2இலிருந்து 2.47. குறைந்தது 52 சதவீதம். நாலு கிழமையில் பரப்பு பாதியாகக் குறையாத நீரிழிவுக் கால் புண் 12 கிழமையில் ஆறும் வாய்ப்புக் குறைவு என்பதால் நாங்கள் பார்க்கும் கோடு அந்த 50. நூலிழையில் தாண்டினார். தாண்டாவிட்டால் அதே மருந்தை அதே இடத்தில் கட்டிக்கொண்டிருக்காமல், இரத்த ஓட்டத்தை இயந்திரத்தால் பார்க்கச் சொல்லிக் கேட்டிருப்பேன். நாடித்துடிப்பு கைக்குத் தெரிவது மட்டும் போதாது. பழைய 3.0இல் இருந்து கணக்குப் பார்த்திருந்தால் குறைவு 18 சதவீதம்கூட வராது. வீண் பயத்தில் ஓடித் திரிந்திருப்போம்.

கிளம்பும் முன் தாளின் வெறும் பிரதிகள் முப்பது அடித்து மச்சாளிடமும் அந்தப் பிள்ளையிடமும் கொடுத்தேன். போட்டோ எடுப்பதென்றால் பகல் வெளிச்சத்தில், அளவுகோலும் தேதியும் புண்ணுக்குப் பக்கத்தில் வைத்து, கிழமைக்கு ஒன்று. குழுவில் போடுவது தாளைத்தான், போட்டோ பின்னால்.

நேற்று ஆறாவது கிழமை வரி வந்தது. 1.4 × 1.0, ஆழம் 0.1, கசிவு குறைவு. நிறத்துக்கு நேரே மச்சாள் "நல்ல வடிவான சிவப்பு" என்று எழுதியிருந்தார். எத்தனை சதவீதம் என்று கேட்டு அனுப்பியிருக்கிறேன்.